அஜித்நாத நைனார் டிவிக்கு ஹெட்போன் மாட்டிய கதை

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் நான் செல்போன் கடை வைத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் என் உயிரை வாங்கியவர்கள் யார் யார் என்று எழுதச் சொன்னால், முதல் பெயர் அஜித்நாத நைனார். இரண்டாவது பெயர் அவர் பக்கத்து வீட்டு ஜோசப்ராஜ். மூன்றாவது ஆள் இந்த இரண்டு பேருக்கு ரொம்பப் பின்னால்தான் வருவான்.

நைனார் ரிடையர் ஆன அரசு பஸ் டிரைவர். முப்பத்திரண்டு வருஷம் செஞ்சியிலிருந்து வண்டி எடுத்தவர். திருவண்ணாமலை, விழுப்புரம், திண்டிவனம் என்று மாறி மாறிப் போவார். அமாவாசை என்றால் மேல்மலையனூர் ஸ்பெஷல். அந்தக் கூட்டத்தில் பஸ்ஸுக்கு உள்ளே இருப்பவர்களைவிட வெளியே தொங்குபவர்கள் அதிகம். அதை நெளித்து நெளித்துக் கொண்டு போய்ச் சேர்க்கிற ஆள் நைனார் ஒருத்தர்தான் என்று நைனாரே சொல்லுவார். மற்றவர்களும் சொல்லுவார்கள், ஆனால் கொஞ்சம் குறைத்துச் சொல்லுவார்கள்.

அந்தக் காலத்து வண்டியில் இஞ்சின் டிரைவருக்கு இடப்பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு மூடி, மூடி மேலே இரண்டு பாட்டியம்மாக்கள், அவர்களுடைய கோழி. முப்பத்திரண்டு வருஷம் அந்த உறுமலைக் கேட்ட இடது காது முதலில் போயிற்று. வலது காது கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துவிட்டு அதுவும் பின்னாலேயே போயிற்று. போனதை ஒத்துக்கொண்டாரா? மூச்! ஸ்கூலில் நடந்த முகாமில் டாக்டர் காது மெஷின் கொடுத்தார். வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "என் காதுக்கு இன்னாடா கொறை? ஊர்ல எவனும் தெளிவா பேச மாட்றான்" என்றார் நைனார்.

கேட்காததைச் சமாளிக்க அவரிடம் மூன்று பதில்கள் உண்டு. "ஆங்", "சரி சரி", "பாக்கலாம் பாக்கலாம்". எதிராளி வாய் அசைவது நின்றதும் மூன்றில் ஒன்றை எடுத்து விடுவார். ரேஷன் கடையில், கல்யாணத்தில், துக்க வீட்டில், எங்கேயும் இதே மூன்றுதான். துக்க வீட்டில் ஒருமுறை "பாக்கலாம் பாக்கலாம்" என்று சொல்லி அடி வாங்காமல் தப்பித்தார்.

இப்போது டிவிக்கு வருகிறேன். நைனார் வீட்டில் பொழுது சாயும் முன்பே சாப்பாடு முடிந்துவிடும். ஜைனர் வீட்டு வழக்கம் அது, விளக்கு வைத்தபின் வாயில் எதுவும் போட மாட்டார்கள். ஆறரைக்கெல்லாம் சாப்பிட்டுக் கைகழுவிவிட்ட மனுஷன் பத்து மணி வரைக்கும் என்னதான் செய்வார்? டிவி பார்ப்பார். சத்தத்தை நூறில் தொண்ணூறு வைத்துப் பார்ப்பார். அந்தத் தெருவில் யாரும் நியூஸ் பார்க்க டிவி போட வேண்டியதில்லை, வாசலில் நின்றால் போதும்.

அதே நேரத்தில்தான் அவர் மனைவி மருதேவியம்மா சாமாயிகத்துக்கு உட்காருவார். நாற்பத்தெட்டு நிமிஷம், கண்ணை மூடி, அசையாமல், பேசாமல், மனசைச் சும்மா வைத்திருக்க வேண்டும். பக்கத்து அறையில் நாலு கட்சிக்காரர்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தால் எந்த மனசு சும்மா இருக்கும்? அந்தம்மா எட்டு வருஷம் பொறுத்தார். ஏப்ரல் மாசம் ஒரு சாயங்காலம் எழுந்து, டிவிக்கு முன்னால் வந்து நின்று ஏதோ சொன்னார். நைனார் "சரி சரி" என்றார். மறுநாள் காலை அந்தம்மா பையை எடுத்துக்கொண்டு வந்தவாசியில் இருக்கிற மகள் அனந்தி வீட்டுக்குப் போய்விட்டார்.

என்ன சொன்னார் என்பதை அனந்தி பிறகு போனில் கத்திச் சொல்லித்தான் நைனாருக்கே தெரிந்தது. "அந்த டிவி சத்தம் நிக்கிற வரைக்கும் அம்மா அங்க வர மாட்டாங்களாம், நைனா. நீங்கதான் சரி சரின்னீங்களாமே!"

நைனார் ஒரு வாரம் வீராப்பாக இருந்தார். அடுத்த வாரம் சோறு தானே வடித்து, குழையவிட்டு, அதைத் தின்று, வீராப்பும் குழைந்துபோய் ஒரு புதன்கிழமை என் கடைக்கு வந்தார்.

"டேய் செந்தமிழா! டிவி சத்தம் எனக்கு மட்டும் கேக்கணும். வீட்டுக்குக் கேக்கக் கூடாது. அதுக்கு இன்னா இருக்குது?"

தெருவில் போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காது முழுவதையும் மூடுகிற மாதிரி ஒரு ப்ளூடூத் ஹெட்போன் எடுத்தேன். அவர் போனிலேயே சேர்த்துக் காட்டினேன். நான் வெளியே போய்ப் பழக்கடை ஓரம் நின்று அவருக்குப் போன் பண்ணினேன். கடைக்குள் மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

"டேய்! நீ பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்குதுடா!"

"பக்கத்துலதான் இருக்கேன், நைனாரே. கத்தாதீங்க."

வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் போனிலேயே பேசிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினார். கடையில் பச்சமுத்து என்ற ஒரு வாத்தியார் உடைந்த டிஸ்ப்ளேயை நீட்டிக்கொண்டு என் தலையைத் தின்றுகொண்டிருந்தார். நைனார் போனில், "போன்ல நல்லா கேக்குது. டிவியில ஹெட்போன் பேரு வர மாட்டேங்குது. வேற இன்னாவோ ஒரே ஒரு பேரு வருது" என்றார்.

இங்கேதான் நான் ஒரு மடத்தனம் பண்ணினேன். அவசரத்தில் யோசிக்கவில்லை. டிவியில் பக்கத்தில் இருக்கிற ஆடியோ சாதனம் ஒன்றுதான் காட்டுகிறது என்றால் அது இவருடைய ஹெட்போனாகத்தானே இருக்கும், கம்பெனிக்காரன் பெட்டியில் ஒரு பெயரும் உள்ளே ஒரு பெயரும் வைத்திருப்பான் என்று நினைத்து, "ஒண்ணுதான வருது? அதையே அமுக்குங்க. தானா வேலை செய்யும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அது தானாகத்தான் வேலை செய்தது. ஆனால் எங்கே வேலை செய்தது என்பதுதான் விஷயம்.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் ஜோசப்ராஜ் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு என்னிடம் வாங்கிய பெரிய ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"இதுல இன்னாவோ பூந்துக்குது, செந்தமிழா. நீயே பாரு."

மே மாசம் மாதாவுக்கான மாசம். தினமும் ஏழு மணிக்கு அவர் வீட்டில் ஜெபமாலை. நடுநடுவே பாட்டுப் போட ஸ்பீக்கரை ஆன் பண்ணித் தயாராக வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை பத்துப் பதினைந்து பேர் முழங்காலில் இருக்கிறார்கள். ஜோசப்ராஜின் மனைவி அருளம்மாள் கண்ணை மூடிக்கொண்டு "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஆரம்பிக்கிறார். மாதா படத்துக்குக் கீழே இருந்து ஒரு ஆம்பிளைக் குரல் கணீரென்று கேட்கிறது.

"மூலமா? பவுத்திரமா? காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லையா? கவலையை விடுங்கள்!"

"நிறுத்தினீங்களா?" என்றேன். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயிறு வலித்தது.

"பட்டனை எங்க தேடறது? எல்லாரும் எந்திரிச்சு ஓடறாங்க! இன்னும் சத்தம் ஏறுதுய்யா. ஏறிக்கிட்டே போவுது. 'ஒரே மண்டலத்தில் வேரோடு போகும்'னு அது கத்துது, எங்க பெரியம்மா ஆமென்னு சொல்றாங்க!"

அவர் சொல்லி முடிக்கவில்லை, நைனார் வந்துவிட்டார். ஹெட்போனை மேஜை மேல் போட்டார்.

"உன் ஹெட்போன் டுபாக்கூர்டா. நீ சொன்ன மாதிரி அந்தப் பேரை அமுக்கினேன். டிவியில சத்தம் நின்னுச்சு. சரி, காதுல வரும்னு பாத்தா ஒண்ணும் வர்ல. நூறு வரைக்கும் ஏத்திட்டேன். சித்த வைத்தியர் வாயை மட்டும் அசைக்கறாரு."

ஜோசப்ராஜ் மெதுவாக நைனார் பக்கம் திரும்பினார்.

"சித்த வைத்தியரா?" என்றார்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். வேறு வழி? நைனாருக்கும் ஜோசப்ராஜுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். ப்ளூடூத்துக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. டிவி காட்டிய ஒரே பெயர் ஜோசப்ராஜின் ஸ்பீக்கர். நைனார் அதை அமுக்கினார், டிவி தன் சத்தத்தை அடக்கி மாதா படத்துக்குக் கீழே அனுப்பிவிட்டது. வேறு எந்த மனுஷனாக இருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் இவ்வளவு சத்தம் கேட்கிறதே என்று சந்தேகப்பட்டிருப்பான். இவர் காதே மந்தம், அதற்கு மேல் ஹெட்போன் வேறு. கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். அமுக்கச் சொன்ன புண்ணியவான் நான்தான் என்பதை ஜோசப்ராஜிடம் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

"சாயங்காலம் வந்து சரி பண்ணித் தரேன்" என்று இரண்டு பேரையும் அனுப்பினேன். போகும்போது நைனார் திரும்பி வந்து, "இன்னிக்கே பண்ணிடு. மருதேவி தினம் போன் பண்றா. டிவி சத்தம் நின்னுச்சான்னு கேக்கறா. நின்னாதான் வருவா" என்றார். அவரால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னார். எதிர்க்கடைக்காரருக்கு மட்டும்தான் கேட்டது.

ஐந்தரைக்குப் போனேன். முதலில் டிவியின் ஞாபகத்திலிருந்து ஸ்பீக்கர் பெயரை அழித்தேன். மறுபடி தேடவிட்டேன். மறுபடி அதே ஒரு பெயர். சுவரைத் தட்டி, "ஜோசப்ராஜ் அண்ணே! உங்க போனை ஸ்பீக்கர்ல சேருங்க!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் பாட்டு கேட்டது. டிவியில் அந்தப் பெயர் காணாமல் போயிற்று. பட்டியல் காலி.

நைனார் தலையில் கை வைத்தார். "இருந்த ஒண்ணும் போச்சா!"

"போகலை நைனாரே, கேளுங்க," என்று காதுக்கிட்டே போய்க் கத்தினேன். "ஒரு போனோட சேந்துட்டா அது மத்தவங்க கண்ணுக்குத் தெரியாது. அவர் ஸ்பீக்கர் சும்மா கெடந்துச்சு, அதனால தெரிஞ்சுது. இப்ப அவர் போனோட சேந்துடுச்சு, மறைஞ்சுடுச்சு. உங்க ஹெட்போன் புதன்கிழமையிலிருந்து உங்க போனோடயே ஒட்டிக்கிட்டு இருக்குது. ஆன் பண்ண உடனே அங்கதான் ஓடுது. அப்பறம் டிவிக்கு எப்படித் தெரியும்?"

"சரி சரி" என்றார். கேட்டதா என்று சந்தேகம்தான்.

அவர் போனில் ப்ளூடூத்தை அணைத்தேன். ஹெட்போன் பட்டனை சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னுகிற வரைக்கும் விடாமல் அழுத்திப் பிடித்தேன். டிவி பட்டியலில் ஒரே ஒரு பெயர் வந்தது. இந்த முறை நம்ம ஹெட்போன் பெயர். அமுக்கினேன். டிவி ஊமையாயிற்று. நைனார் முகம் மலர்ந்தது.

"வருதுடா! நியூஸ் வாசிக்கற பொண்ணு மூச்சு வுடறதுகூட கேக்குது!"

நான் கதவுக்கு வெளியே போய் நின்று பார்த்தேன். வீடு நிசப்தம். எனக்கே பெருமையாக இருந்தது. இனி மருதேவியம்மா பத்து சாமாயிகம்கூட உட்காரலாம். உள்ளே வந்து கிளம்பப் பையை எடுக்கும்போது நைனாரின் போன் அடித்தது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எடுத்தார். ஒரு பக்கத்து ஹெட்போனை விலக்கிவிட்டுப் போனை அங்கே வைத்து அழுத்தினார். அந்தம்மா எப்போதும் இவருக்காகக் கத்தித்தான் பேசுவார். இரண்டடி தள்ளி நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இன்னாங்க, மனசே கேக்கலைங்க. டிவி நின்னாலும் நிக்கலைன்னாலும் சரி. காலையில மொத பஸ்ஸுக்கு வரட்டுமா?"

நைனார் கண் டிவியிலேயே இருந்தது. அந்தம்மா பேசி நின்றதும் பழக்கதோஷத்தில் மூன்றாவது பதிலை எடுத்து விட்டார்.

"பாக்கலாம் பாக்கலாம்."

அந்தப் பக்கம் போன் துண்டானது. நைனார் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஹெட்போனைச் சரிசெய்து, நியூஸ் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம்! அவர் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினேன்.

"யோவ் நைனாரே! அவங்க இன்னா கேட்டாங்க தெரியுமா உமக்கு?"

"டிவி வேலை செய்யுதான்னு கேட்டிருப்பா."

"காலையில வரட்டுமான்னு கேட்டாங்கய்யா! பாக்கலாம்னீரே!"

அவர் என் வாயையே பார்த்தார். இன்னொரு தடவை சொன்னேன். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டி, என் கையிலிருந்த ஹெட்போனைக் காட்டினார்.

"இதைப் போன்ல போடுடா," என்றார்.

"இப்பதான டிவியில போட்டேன். ஒரு நேரத்துல ஒண்ணோடதான் சேரும். போன்ல போட்டா டிவி போயிடும்."

"டிவி நாசமாப் போவட்டும்! போன்ல போடு!"

டிவியிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, போனில் ப்ளூடூத்தைப் போட்டேன். பழகிய இடம் என்பதால் இரண்டு நொடியில் போய் ஒட்டிக்கொண்டது. டிவி தன் பழைய சத்தத்தில் அலற ஆரம்பித்தது, ரிமோட்டைத் தேடி அணைத்தேன். நைனார் போன் பண்ணினார். எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை மகள் எடுத்தாள் போல.

"அனந்தி, அம்மாகிட்ட குடு... தெரியும், அழுவறான்னு தெரியும், குடு."

பிறகு நைனார் பேசினார். நான் அவரை அறிந்த நாளிலிருந்து கேட்டிராத மெதுவான குரலில் பேசினார். அவர் குரல் அவருக்கே கேட்டதோ என்னவோ.

"மருதேவி. நீ கேட்டது எனக்குக் காதுல வுழல. சும்மா சொல்லிட்டேன்... இல்ல, இன்னிக்கு மட்டும் இல்ல. எனக்கு ரொம்ப நாளா எதுவும் வுழறதில்ல. நீ பேசறது எதுவும் வுழறதில்ல. வுழுந்த மாதிரி தலையாட்டிக்கினு கெடந்தேன்."

அதற்குப் பிறகு அந்தம்மா பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, எல்லாம் ஹெட்போனுக்குள் போய்விட்டது. நைனார் ஒரு "ஆங்" போடவில்லை, ஒரு "சரி சரி" போடவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். மூக்கை உறிஞ்சினார். ஒரு இடத்தில் சிரித்தார். நான் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு விளக்கு வைக்கும் முன் சாப்பிட வேண்டிய சோற்றை அவர் சாப்பிடவே இல்லை. பொழுது சாய்ந்தது, பட்டினி.

முடித்ததும், "இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"அது உனக்கு எதுக்குடா? காலையில வரா. நீ கெளம்பு."

நன்றி? அதெல்லாம் அவர் வாயில் வராது.

இரண்டு வாரம் கழித்து நைனாருக்காகவே விழுப்புரத்திலிருந்து வேறு ஒரு ஹெட்போன் வரவழைத்தேன். கொஞ்சம் விலை கூட. போனோடும் டிவியோடும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கும், டிவி பார்க்கும்போது போன் வந்தால் தானாகப் போனுக்கு மாறும். அந்தம்மாவும் நிம்மதி, இவரும் நிம்மதி, நானும் செய்த மடத்தனத்துக்குப் பரிகாரம் பண்ணின மாதிரி ஆகும் என்று நினைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

கதவு திறந்தேதான் இருந்தது. டிவி அணைந்து கிடந்தது. நைனார் கூடத்தில் நாற்காலியில் ஹெட்போனோடு உட்கார்ந்து தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "அந்த வருஷம் உங்க அண்ணன் கல்யாணத்துக்கு லீவு குடுக்கலைன்னு எத்தினி தடவ சொல்றது? அதையே இன்னும் சொல்றியே!" பத்தடி தள்ளி சமையற்கட்டில் மருதேவியம்மா தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு, "லீவு குடுக்கலையா, நீங்க கேக்கவே இல்லையா?" என்று போனில் மடக்கினார். ஒரே வீட்டுக்குள், ஒருத்தருக்கொருத்தர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், போனில் சண்டை!

நைனாரிடம் புது ஹெட்போனைக் காட்டி, இது போனோடும் டிவியோடும் சேரும் என்று எழுதிக் காண்பித்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம்டா. ரெண்டு பக்கமும் பேசினா நான் யாரு பேச்சைக் கேக்கறது?"

எனக்குக் கடுப்பாகிவிட்டது. சமையற்கட்டு வாசலில் போய் நின்றேன். "ஏம்மா, டிவி சத்தம்தானே உங்களுக்குத் தொந்தரவு? அதுக்குத்தானே நான் இவ்ளோ அலையறேன்?" என்றேன்.

அந்தம்மா போனின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"டிவிக்காக யாராவது வீட்டை வுட்டுப் போவாங்களாப்பா? எட்டு வருஷமா இந்த வீட்ல நான் தனியாவே பேசிக்கினு இருந்தேன். அதான் போனேன்."

கையை எடுத்தார். கூடத்தைப் பார்க்காமல் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே போனில் கேட்டார்.

"இன்னாங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்," என்றார் நைனார் நாற்காலியிலிருந்து. "நீ சொல்லு."